தேர்வுக்கு முந்தின ராத்திரி எட்டு மணிக்குப் படுக்காதீர்கள்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு 25 வயது. வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமம். தினமும் ராத்திரி 11 மணிக்குப் படுத்துக் காலையில் 6.30-க்கு எழுந்திருப்பேன். தூக்கத்தில் ஒரு குறையும் கிடையாது. போன தடவை குரூப் 2 முதல்நிலைத் தேர்வுக்குத் தஞ்சாவூரில் சென்டர் விழுந்தது. விடிகாலை 4 மணிக்கு எழுந்தால்தான் கும்பகோணம் போய் பஸ் மாறி நேரத்துக்குப் போய்ச் சேர முடியும் என்று, எட்டு மணிக்கே சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். பொட்டுத் தூக்கம் இல்லை. 2 மணி வரை ஃபோனில் மணி பார்த்தது ஞாபகம் இருக்கிறது. தேர்வில் நன்றாகத் தெரிந்த கேள்விகளே தப்பாகிவிட்டன. அடுத்த தேர்வு நெருங்குகிறது. இந்தத் தடவை மெடிக்கலில் ஒரு தூக்க மாத்திரை வாங்கித் தருகிறேன் என்கிறார் அண்ணன். போட்டுக்கொள்ளலாமா? தை மாதம் எனக்குக் கல்யாணமும் வைத்திருக்கிறார்கள். அந்த ராத்திரியும் இப்படித்தான் போகுமா?

பதில்: மாத்திரை வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த எட்டு மணியைப் பார்த்துவிடலாம். நீங்கள் உங்கள் பயத்தின் மேல் பழியைப் போடுகிறீர்கள். பயத்துக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரியின் முதல் மூன்று மணி நேரத்தைக் கெடுத்தது எட்டு மணிக்குப் படுத்த காரியம்தான். பயமே இல்லாத ஒருவரை உங்கள் இடத்தில் படுக்க வைத்திருந்தாலும் அவரும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் கிடந்திருப்பார்.

தூக்கம் வர இரண்டு விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும். ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் சேர்ந்துகொண்டே போகும் தூக்க அழுத்தம். அடினோசின் என்ற வேதிப்பொருள் அதில் முக்கியமானது. இரண்டாவது, மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரம். எந்த நேரத்தில் விழிப்பு, எந்த நேரத்தில் தூக்கம் என்று அது தன்பாட்டில் முறை வைத்து நடத்துகிறது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டாலும் முறை வராமல் நம் வாய்க்கால் மதகைத் திறக்க மாட்டார்கள் இல்லையா, அந்த மாதிரிதான் இதுவும். அழுத்தம் எவ்வளவு சேர்ந்திருந்தாலும் கடிகாரம் திறந்துவிடும் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. சாயங்காலம் ஆக ஆக விழிப்பு குறைந்துகொண்டே வந்து மெதுவாகத் தூக்கம் வரும் என்றுதான் நாம் நினைக்கிறோம். நடப்பது வேறு. வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு முந்தின இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் கடிகாரம் நம்மை மிகப் பலமாக விழித்திருக்க வைக்கிறது. நாள் முழுக்கச் சேர்ந்த தூக்க அழுத்தத்தில் நாம் சாயங்காலமே சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அது அப்படி எதிர்த்து நிற்கிறது. இஸ்ரேலில் பெரெட்ஸ் லாவி என்ற ஆய்வாளர் 1980-களில் ஒரு சோதனை செய்தார். ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்தவர்களைக்கூட வைத்து, ஒவ்வொரு 20 நிமிஷத்திலும் 7 நிமிஷம் படுக்கச் சொல்லி, 13 நிமிஷம் எழுப்பி வைத்து, நாள் முழுக்க இப்படியே ஓட்டினார். களைத்துப் போயிருந்த அவர்களாலேயே முன்னிரவு நேரத்தில் சரியாகத் தூங்க முடியவில்லை. அதற்குப் பிறகு, ஏறக்குறைய அவரவர் வழக்கமாகப் படுக்கும் நேரத்தில், சட்டென்று தூக்கம் திறந்துகொண்டது. அந்த முன்னிரவு நேரத்தை அவர் தூக்கத்துக்குத் தடை செய்யப்பட்ட நேரம் என்றே சொன்னார்.

11 மணிக்குப் படுப்பவருக்கு அந்தத் தடை நேரம் சுமாராக 8-லிருந்து 10 வரை. நீங்கள் மிகச் சரியாக அதற்குள் போய்ப் படுத்திருக்கிறீர்கள்.

சரி, அப்படியானால் 11 மணிக்காவது தூக்கம் வந்திருக்க வேண்டுமே, ஏன் வரவில்லை? பயத்தின் பங்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது. எட்டிலிருந்து பதினொன்று வரை மூன்று மணி நேரம் தூக்கம் வராமல் கிடந்தபோது, இன்னும் தூங்கவில்லையே, நாளைக்கு என்ன ஆகும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்திருக்கும். இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கும். உடம்புச் சூடு இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காது. தூங்கியாக வேண்டும் என்று முயற்சி செய்யச் செய்ய, தூங்கிவிட்டோமா என்று தன்னையே கவனிக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும். தூக்கம் என்பது கவனிப்பதை விட்டால்தான் வரும். அதைக் கவனித்துக்கொண்டே வரவழைக்க முடியாது. மணி பார்ப்பது இதை இன்னும் மோசமாக்கும். ஒவ்வொரு தடவை ஃபோனை எடுக்கும்போதும் முகத்தில் வெளிச்சம், கூடவே ஒரு கழித்தல் கணக்கு. 12.10 என்றால் இன்னும் 3 மணி 50 நிமிஷம்தான். 1.05 என்றால் 3 மணிகூட இல்லை. மதகு திறக்கிற நேரத்தில் நீங்கள் உள்ளே உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

என்னிடம் வந்த ஓர் இளைஞர் இதற்கு நல்ல உதாரணம். மன்னார்குடிக்காரர். சென்னையில் வங்கி நேர்முகத் தேர்வு. முதல் தடவை முன்கூட்டியே போய் எழும்பூரில் லாட்ஜில் தங்கி, ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்துவிட்டு, விடிய விடிய விழித்திருந்தார். இரண்டாவது தடவை காசும் நேரமும் இல்லாமல் மன்னை எக்ஸ்பிரஸில் மேல் பெர்த்தில் ஏறிப் படுத்தார். ரயிலில் எங்கே தூங்கப் போகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டார். தாம்பரத்தில் பக்கத்தில் இருந்தவர் தட்டி எழுப்பினார். லாட்ஜ் மெத்தையில் வராத தூக்கம் ரயில் சத்தத்தில் வந்ததற்குக் காரணம் அவர் முயற்சியைக் கைவிட்டதுதான். இதையே நாங்கள் சிகிச்சையாகவும் சொல்வதுண்டு. படுத்துக்கொள்ளுங்கள், ஆனால் தூங்க முயற்சிக்காதீர்கள், கண்ணைத் திறந்துகொண்டு முடிந்தவரை விழித்திருந்து பாருங்கள் என்போம். கேட்பவர்கள் சிரிப்பார்கள். பலருக்கு வேலை செய்கிறது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். 2 மணிக்கு மேல் தூங்கியிருந்தால், அலாரம் அடிப்பதற்கு முன்னாலேயே விழிப்பு வந்திருக்குமே? பெரும்பாலானவர்களுக்கு வரும். ஜெர்மனியின் லூபெக் பல்கலைக்கழகத்தில் 1999-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். காலை 6 மணிக்கு எழுப்புவோம் என்று சொல்லிப் படுக்க வைத்தவர்களுக்கு, 5 மணியிலிருந்தே உடம்பை விழிப்புக்குத் தயார் செய்யும் ஹார்மோன் ஒன்று ரத்தத்தில் ஏற ஆரம்பித்தது. 9 மணிக்கு எழுப்புவதாகச் சொன்னவர்களுக்கு அந்த நேரத்தில் அப்படி ஏறவில்லை. தூங்கிக்கொண்டிருக்கும்போதே நாளைய வேலையை உடம்பு எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்கு மட்டும்தான் இப்படியோ என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்து, அந்த ராத்திரி உங்கள் தேர்வை உண்மையில் எவ்வளவு கெடுத்தது என்று பார்ப்போம். பொட்டுத் தூக்கம் இல்லை என்று நீங்கள் நினைப்பது அநேகமாகச் சரியாக இருக்காது. படபடப்போடு படுத்திருக்கும்போது வருகிற மேலோட்டமான தூக்கத்தை மூளை விழிப்பாகவே கணக்கில் எழுதிக்கொள்ளும். தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் கருவி தூங்குகிறார் என்று காட்டும் நேரத்தில் எழுப்பிக் கேட்டால், நான் விழித்துக்கொண்டுதானே இருந்தேன் என்று சொல்பவர்கள் நிறைய. மணி பார்த்த தருணங்கள் நினைவில் நிற்கும், நடுவில் கண்ணசந்த கால்மணி நேரங்கள் நிற்காது.

ஒரு ராத்திரித் தூக்கம் குறைந்தால் படித்தது அழிந்துவிடாது. மாதக்கணக்கில் படித்த அரசியலமைப்பும் திருக்குறளும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆர்வமும் பதற்றமும் இருக்கிற குறுகிய நேர வேலையில், அதாவது மூன்று மணி நேரத் தேர்வில், யோசிக்கும் திறன் ஓரளவு தாக்குப்பிடிக்கும். முதலில் அடிபடுவது சலிப்பான, ஒரே மாதிரியான, தொடர்ந்து கவனம் கேட்கிற வேலை. மூளை சில விநாடி விட்டுவிட்டுப் போய் மறுபடி வரும். அந்தச் சில விநாடி போனது நமக்கே தெரியாது.

உங்கள் தேர்வில் அப்படிப்பட்ட வேலை எது? 200 கேள்விக்கு ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் கறுப்பது. 87-வது விடையை 88-வது வரிசையில் கறுத்துவிடுவது, ‘தவறானது எது’ என்ற கேள்வியைச் ‘சரியானது எது’ என்று படித்துவிடுவது. தெரிந்த கேள்விகளே தப்பாகிவிட்டன என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் தோன்றியது. கேள்வித்தாள் கையில் இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தப்பான கேள்விகள் தாள் முழுக்கச் சிதறி இருக்கின்றனவா, ஒரே இடத்தில் கொத்தாக இருக்கின்றனவா? கொத்தாக இருந்தால் வரிசை தவறியிருக்கிறது என்று அர்த்தம். சிதறியிருந்து, ‘பொருந்தாதது’, ‘தவறானது’ போன்ற சொற்கள் வருகிற கேள்விகளாக இருந்தால் வாசிப்பில் நழுவியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் தூக்கத்தை நம்பாமலே வழி உண்டு. கேள்விக்குக் கேள்வி உடனே கறுத்துவிடுங்கள், கடைசியில் மொத்தமாகக் கறுக்காதீர்கள். பத்துக் கேள்விக்கு ஒரு முறை, தாளில் உள்ள எண்ணும் கேள்வித்தாளில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று விரலை வைத்துப் பாருங்கள். ‘தவறானது’ என்ற சொல்லைக் கண்டதும் கேள்வித்தாளில் அதன் கீழே கோடு போடுங்கள். அடுத்த தேர்வுக்கு முந்தின ராத்திரி தூக்கம் வராமல் போனாலும் இந்த மூன்றும் உங்களைக் காப்பாற்றும். அது தெரிந்தாலே தூங்கியாக வேண்டும் என்ற நெருக்கடி பாதி குறையும்.

இனி அடுத்த தேர்வுக்கான ஏற்பாடு. உண்மையில் 4 மணிக்கு எழ வேண்டுமா என்று முதலில் கணக்குப் பாருங்கள். 5.30 பஸ் என்றால், குளியலும் டிபனும் போக, பை ராத்திரியே கட்டியாகிவிட்டது என்றால், 4.30 போதும். 6.30-லிருந்து 4.30-க்கு வர இரண்டு மணி நேரம் முன்னே நகர வேண்டும். உடல் கடிகாரம் ஒரே நாளில் அப்படி நகராது. தேர்வுக்கு எட்டு நாள் முன்பிருந்து தினமும் 15 நிமிஷம் முன்னதாக எழுந்திருங்கள். முதல் நாள் 6.15, மறுநாள் 6.00, இப்படியே போனால் எட்டாம் நாள் 4.30. இதில் முக்கியம் எழும் நேரம்தான். படுக்கும் நேரத்தை நீங்கள் வலிந்து மாற்ற வேண்டாம். முன்னதாக எழுந்தால் நாலைந்து நாளில் ராத்திரி பத்து மணிக்கே கண் சொருக ஆரம்பிக்கும், அப்போது போய்ப் படுத்தால் போதும். எழுந்ததும் விளக்கைப் போட்டுக்கொண்டு படியுங்கள், விடிந்தவுடன் பத்து இருபது நிமிஷம் வெளியே போய் நில்லுங்கள். காலை வெளிச்சம்தான் கடிகாரத்தை முன்னே தள்ளும். ராத்திரி ஃபோன் வெளிச்சம் அதைப் பின்னே இழுக்கும்.

இந்த எட்டு நாளும் தூக்கத்தைக் குறைத்துவிடாதீர்கள். கடைசி வாரத்தில் ராத்திரி கண் விழித்துப் படித்துவிட்டு, தேர்வுக்கு முந்தின ராத்திரி மட்டும் எட்டு மணி நேரம் தூங்கி ஈடுகட்டிவிடலாம் என்று நிறையப் பேர் திட்டம் போடுகிறார்கள். நடக்காத திட்டம். முந்தின வாரம் நன்றாகத் தூங்கியவரை ஒரு மோசமான ராத்திரி அவ்வளவாகச் சாய்க்காது. ஏற்கெனவே குறைத் தூக்கத்தில் இருப்பவரைத்தான் அது பலமாக அடிக்கும்.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம் 2 மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். நம் பக்கத்தில் நாலு மணிக்கு டிகிரி காபி இல்லாமல் பொழுது போகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் காபியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். நாலு மணிக் காபியில் பாதி ஒன்பது மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். பகல் தூக்கம் வேண்டுமானால் 3 மணிக்கு முன்னால் 20 நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம்.

ஏழு மணி வாக்கில் ஒரு தாளும் பேனாவும் எடுத்து, ஐந்து நிமிஷம் நாளைய வேலையை எழுதுங்கள். ஹால் டிக்கெட், ஆதார், கறுப்பு பால்பாயின்ட் பேனா இரண்டு, தண்ணீர் பாட்டில், 5.30 பஸ், அது தவறினால் யார் வண்டியில் கும்பகோணம் போவது, அவருடைய நம்பர். இது சும்மா மன ஆறுதலுக்கு இல்லை. அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 2018-ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், படுக்கும் முன் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிட 9 நிமிஷம் அளவுக்கு முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூங்கினார்கள். மறந்துவிடக் கூடாது என்று மனசு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும் வேலையைத் தாள் வாங்கிக்கொள்கிறது. ‘நாளைக்கு எல்லாம் நல்லபடி நடக்க வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் அந்தப் பலன் வராது.

படுப்பது 9.45-க்கு முன்னால் வேண்டாம். கண் சொருகினால் மட்டும் படுங்கள். இரண்டு அலாரம் வையுங்கள், ஒன்று உங்கள் ஃபோனில், ஒன்று அம்மாவின் ஃபோனில். இரண்டும் அம்மா படுக்கிற இடத்தில் இருக்கட்டும். அவர்கள் எப்படியும் உங்களுக்கு முன்னால் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்திருப்பார்கள், அது வேறு விஷயம். ஃபோன் கைக்கு எட்டாமல் இருந்தால் மணி பார்க்க வழியில்லை. சுவர்க் கடிகாரம் முட்கள் ஒளிர்கிறதாக இருந்தால் அதையும் கழற்றி வையுங்கள்.

அப்படியும் தூக்கம் வரவில்லை, சுமார் 20 நிமிஷம் ஆகியிருக்கும் என்று தோன்றினால் (மணி பார்க்காதீர்கள், தோராயம் போதும்) எழுந்துவிடுங்கள். ஹாலிலோ திண்ணையிலோ போய் உட்காருங்கள். மங்கலான விளக்குப் போதும். நடப்பு நிகழ்வுகள் புத்தகத்தைத் தொடாதீர்கள். ஏற்கெனவே படித்த பழைய வார இதழ், வெந்தயம் ஆய்வது, துணி மடிப்பது, எதுவாகவும் இருக்கலாம். கொட்டாவி வந்து தலை சாய்ந்த பிறகு திரும்பப் படுங்கள். மறுபடியும் வரவில்லையென்றால் மறுபடியும் எழுந்திருங்கள். படுக்கை என்றால் புரள்கிற இடம் என்று மூளை பழகிவிடக் கூடாது என்பதற்காக 1970-களில் ரிச்சர்ட் பூட்சின் வகுத்த முறை இது. இன்றும் தூக்கமின்மைக்கு முதல் வரிசைச் சிகிச்சையில் இருக்கிறது. வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் நடுராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, என்ன ஆச்சு என்று நாலு பேர் எழுந்து வந்துவிடுவார்கள். அவர்கள் போட்டுக் கொடுக்கும் காபியையும் குடித்துத் தொலைக்க வேண்டியிருக்கும்.

தஞ்சாவூரில் சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்கிவிடலாமா என்ற யோசனை இருந்தால், அதிலும் ஒரு கணக்கு உண்டு. புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கம் மேலோட்டமாகத்தான் இருக்கும். அந்த ராத்திரி மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாகவே இருப்பதை 2016-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். போவதென்றால் இரண்டு ராத்திரி முன்னதாகப் போங்கள். முதல் ராத்திரி அந்த வீட்டின் ஃபேன் சத்தத்துக்கும் கொசுவுக்கும் போகட்டும். ஒரே ராத்திரிக்கு என்றால், விடியற்காலைப் பயணம் கஷ்டமாக இருந்தாலும் உங்கள் வீட்டுப் பாய்தான் மேல்.

மாத்திரைக்கு வருகிறேன். கேட்டவுடன் மெடிக்கலில் கிடைக்கிற தூக்க மாத்திரை பெரும்பாலும் அல்பிரசோலமாக இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை விற்கவே கூடாது என்பது சட்டம். சட்டத்தை விடுங்கள், அது உடம்பில் பாதியாகக் குறைய சராசரியாக 11 மணி நேரம் ஆகிறது. ராத்திரி பத்து மணிக்குப் போட்டால், தேர்வு தொடங்கும் 9.30-க்கு ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும். கவனத்தையும் புதிதாக நினைவில் பதியவைக்கும் திறனையும் மந்தமாக்குகிற மருந்து அது. ஓ.எம்.ஆர். தாளில் வரிசை தவறாமல் இருக்க எது தேவையோ அதையே அது பிடுங்கிக்கொள்கிறது. சளிக்கும் அரிப்புக்கும் போடும் மாத்திரையில் தூக்கம் வருமே என்று சிலர் அதைப் போடுகிறார்கள். காலை வரை கண்ணைச் சுற்றும், வாய் உலரும். எந்த மருந்தையும் முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கிற நாள் தேர்வுக்கு முந்தின நாளாக இருக்கக் கூடாது. அண்ணனுக்கு உதவி செய்ய ஆசை என்றால் காலையில் வண்டி ஓட்டச் சொல்லுங்கள்.

வண்டி என்றதும் இதைச் சொல்லியாக வேண்டும். தூங்காத ராத்திரிக்குப் பிறகு எனக்குக் கவலை தேர்வைப் பற்றி இல்லை, ஸ்கூட்டியைப் பற்றித்தான். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். போகும்போது பரபரப்பு தாங்கிப் பிடிக்கும். தேர்வு முடிந்து, ஒரு மணி வெயிலில், சாப்பிட்டுவிட்டு, வயலுக்கு நடுவே நேராகப் போகிற ரோட்டில் திரும்பி வரும்போதுதான் தலை சாயும். எனவே தூங்காமல் போனால் போக வர பஸ்தான். காலை பஸ்சில் இருபது நிமிஷம் கண் அசந்தால் நல்லது, இறங்கும் இடத்தைக் கண்டக்டரிடம் சொல்லிவையுங்கள். ஹாலுக்குள் போகும் முன், 8 மணி வாக்கில் ஒரு காபி குடிக்கலாம். அது முழுதாக வேலை செய்ய அரைமணியிலிருந்து முக்கால் மணி ஆகும். வழக்கமாக ஒரு டம்ளர் குடிப்பவர் ஒரே டம்ளரோடு நிறுத்துங்கள். இரண்டு மூன்று குடித்தால் கை நடுங்கும். டிபனுக்கு இரண்டு இட்லி போதும், நெய் மிதக்கும் வெண்பொங்கலைத் தேர்வு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வருஷத்தில் நாலைந்து ராத்திரி இப்படிப் போவது நோய் இல்லை. வாரத்துக்கு மூன்று ராத்திரியோ அதற்கு மேலோ இப்படி ஆகி, அது மூன்று மாதம் நீடித்தால் அப்போது வாருங்கள். அதற்கு மாத்திரை இல்லாத நல்ல சிகிச்சை உண்டு. பல நாள் இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே தெரியாமல், பேச்சும் செலவும் சுறுசுறுப்பும் அளவுக்கு மீறிக் கூடினால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், உடனே வர வேண்டும். அது வேறு பிரச்சினை.

கடைசியாகக் கல்யாணம். அந்த ராத்திரியில் படபடப்பைவிட நிகழ்ச்சி நிரல்தான் தூக்கத்தைத் தின்னும். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, பிறகு வரவேற்பு, ஃபோட்டோ முடிய பதினொன்றரை. ஆறு மணி முகூர்த்தம் என்றால் அலங்காரம் செய்கிறவர் மூன்று மணிக்குக் கதவைத் தட்டுவார். நடுவே மிஞ்சுவது மூன்று மணி நேரம். அதுவும் மண்டபத்து ரூமில், நாலு பெண்கள் பேசிக்கொண்டிருக்க, புது இடத்தில். அந்த மூன்று மணி நேரத்தை நம்பாதீர்கள். கிடைத்தால் லாபம். தூக்கத்தை முதல் நாள் மதியத்துக்கு நகர்த்திவிடுங்கள். சாப்பிட்டதும் 1.30-லிருந்து 3 மணி வரை ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். தேர்வுக்குச் சொன்ன 20 நிமிஷக் கணக்கு இங்கே கிடையாது. எப்படியும் நள்ளிரவுக்கு முன்னால் நீங்கள் படுக்கப் போவதில்லை, அதற்குள் தூக்க அழுத்தம் மறுபடி சேர்ந்துவிடும். மெகந்தியை அதற்கு முந்தின நாளே முடித்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த மதியம் கையை நீட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ரூம் சாவியை யாரிடம் கொடுப்பது என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள். தயவு தாட்சண்யம் பார்க்காத ஓர் அத்தையோ பெரியம்மாவோ எல்லா வீட்டிலும் இருப்பார். கதவைத் தட்ட வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்ப அவர்தான் சரியான ஆள்.